ஒரு நெல் நோட்டை வாசித்த விதம்: பறை, படி, மூட்டை, கிலோ

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆட்சிமொழி மலையாளம் என்றாலும் வயலிலும் வீட்டிலும் பேச்சு தமிழ்தான். சித்தூர்ப்புழைப் பாசனத்தை நம்பிய ஊர்கள் இவை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அது எப்போது வருகிறது, வாய்க்காலின் கடைசி வயல்வரை எத்தனை நாள் ஓடுகிறது என்பதுதான் இரண்டாம் போகத்தை முடிவு செய்கிறது.

எங்கள் நெல் விவசாயிகள் குழுவான பாடசேகர சமிதியில் கடைமடைக்காரர்கள் ஒரு மனு எழுத முடிவு செய்தார்கள். தண்ணீர் முறை மாறியபின் விளைச்சல் விழுந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அதற்கு ஆதாரமாக ஆண்டுவாரி விளைச்சல் அட்டவணை தேவைப்பட்டது. பலரிடம் கொள்முதல் சீட்டுகள் மட்டுமே இருந்தன. எண்பதை நெருங்கும் ஒரு விவசாயியிடம் மட்டும் வருடம் தவறாமல் எழுதிய நோட்டுகள் இருந்தன. கீழ் வயல், 1 ஏக்கர் 40 சென்ட். சமிதியின் கணக்குகளைப் பார்ப்பவன் என்பதால் அவற்றை வாசித்து அட்டவணையாக்கும் வேலை என்னிடம் வந்தது.

எனக்கு முன்பே சமிதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் அந்த நோட்டிலிருந்து ஓர் அட்டவணை போட்டிருந்தார். அதில் இருந்தது ஒரே பத்தி, அதுவும் கிலோ. அதன்படி 2015 தையில் ஏக்கருக்கு 3,196 கிலோ, 2018 தையில் 2,036 கிலோ. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ச்சி. மனு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது. ஆனால் எங்கள் பகுதியில், அவர் போடும் நெல் ரகத்தில், ஏக்கருக்கு மூன்று டன்னைத் தாண்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சந்தேகத்தில்தான் மூல நோட்டைத் திறந்தோம்.

நோட்டில் கண்டவை

முதல் சிக்கல் தேதி. அவர் கேரளத்தின் கொல்லம் ஆண்டில் எழுதுகிறார். "1190 மகரம் 14" என்றால் 2015 சனவரிக் கடைசி. ஒரு பக்கத்தில் "1192" என்பது தனியாக நின்றது. முந்தைய அட்டவணையில் அது ஒரு விளைச்சல் அளவாக ஏறாமல் போனது தற்செயல்தான்.

இரண்டாம் போக அறுவடையின் பக்கம் இப்படி இருந்தது:

```
1190 மகரம் 14  கீழ் வயல்
மூ 31/   ப 6
கூலி 4 ஆள்  ப 22
வித்து ப 5
ஆக ப 258
```

"மூ" என்பது மூட்டை. அரைக்கு அவர் ½ போடுவதில்லை. எண்ணின் வலப்பக்கம் ஒரு சாய்கோடு இழுக்கிறார். காலுக்கு அதே இடத்தில் ஒரு புள்ளி. பேனா அழுந்திய பக்கங்களில் சாய்கோடு 1 போலவே தெரிகிறது. 31½ என்பதை 311 என்று வாசிக்க முழு வாய்ப்பு உண்டு.

அதைவிடக் கடினமானது "ப". எங்கள் பக்கம் பறையும் உண்டு, படியும் உண்டு. கேரள முறையில் பத்து இடங்கழி ஒரு பறை. கிழக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் படியும் கூடவே வந்தது. 1956ஆம் ஆண்டிலேயே மெட்ரிக் எடைகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் களத்தில் நெல்லை அளக்கும் பாத்திரம் மாறவில்லை. ஒரு பறை நெல் ஏழு எட்டு கிலோ வரும், ஒரு படி நெல் ஒரு கிலோவை ஒட்டி வரும். ஒரே எழுத்து, ஏழெட்டு மடங்கு வித்தியாசம்.

முந்தைய அட்டவணை எப்படி 3,196 ஆனது என்பதையும் பிரித்துப் பார்த்தோம். மூட்டைக்கு 75 கிலோ என்ற பழைய சணல் சாக்குக் கணக்கு எடுக்கப்பட்டிருந்தது. அது 2,362.5. ஆறு பறைக்கு எட்டு கிலோ வீதம் 48. கடைசி வரியில் இருந்த 258 பறையும் தனி நெல்லாகக் கருதப்பட்டு 2,064. கூட்டினால் 4,474.5, அதை 1.4 ஏக்கரால் வகுத்தால் 3,196. அந்தக் கடைசி வரி புதிய நெல் இல்லை, மேலே எழுதியதன் கூட்டுத்தொகை. "ஆக" என்ற சொல்லைத் தவறவிட்டதால் ஒரே நெல் இரண்டு முறை அளக்கப்பட்டிருக்கிறது. கிலோவை மட்டும் எழுதி வைத்ததால், இதைக் கண்டுபிடிக்கக் கூட்டலைப் பின்னோக்கிப் போட வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகள்

முதலில் கிலோ பத்தியை முழுவதும் நீக்கினோம். ஒவ்வொரு பதிவுக்கும் எழுதியபடி, வாசித்தது, மாற்றியது என்று மூன்று நிலை வைத்தோம். எழுதியபடியில் அவர் எழுத்து அப்படியே வரும், சாய்கோடு உட்பட. வாசித்ததில் அளவும் அலகும் முழுப் பெயருடன் வரும், ஆனால் அலகு மாறாது. மாற்றியதில்தான் கிலோ வரும். அங்கே மாற்று எண்ணும் அது எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். மாற்று எண் கிடைக்காத இடத்தில் மூன்றாம் நிலை காலியாக இருக்கலாம், இரண்டாம் நிலை இருந்தாலே அது பதிவுதான் என்றும் ஒத்துக்கொண்டோம்.

அடுத்தது மூட்டை. இதற்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அவர் கூட்டலே பதிலைச் சொல்லிவிட்டது. 258 பறையில் உதிரி 6 பறையைக் கழித்தால் 252. அதை 31½ ஆல் வகுத்தால் சரியாக 8. எனவே அவர் மனதில் ஒரு மூட்டை எட்டுப் பறை. 311 என்று வாசித்திருந்தால் இந்த வகுத்தல் ஒட்டாது. ஆகவே ஒரே கூட்டல் அந்தச் சாய்கோடு அரை என்பதையும், மொத்த வரியில் "ப" பறை என்பதையும், மூட்டையின் கொள்ளளவையும் சேர்த்து உறுதி செய்தது. பழைய கணக்கு நோட்டுகளை வாசிக்கிறவர்கள் எழுதியவரின் கூட்டலைத் தேட வேண்டும். எழுத்தைவிட அது தெளிவாகப் பேசும்.

கூலி வரியில் மட்டும் "ப" வேறாக இருக்கும் என்று பட்டது. 22 பறை என்றால் ஏறக்குறைய 167 கிலோ. பழைய நாளில் ஆள் வைத்து அறுத்தபோது கூலிப்பங்கு அந்த அளவுக்குப் போனதுண்டு, அதனால் எண்ணை வைத்து மட்டும் தள்ளிவிட முடியாது. ஆனால் 2015இல் அறுத்தது இயந்திரம். நான்கு பேர் வரப்போர மூலைகளை அறுத்து மூட்டை கட்டியவர்கள். 22ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்கு 5½. பறையானால் ஆளுக்கு 42 கிலோ, ஒரு நாள் துணை வேலைக்கு அது மிகை. படியானால் ஐந்தரைப் படி, ஒரு நாளைக்கு ஏற்ற கைநெல்.

இந்த ஊகத்தைப் பெரியவரிடம் கேட்டே உறுதி செய்தோம். அவர் கண்பார்வை குறைந்திருக்கிறது, பக்கத்தைக் காட்டிப் பயனில்லை. மகள் வழிப் பேத்திதான் ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"அப்புச்சி, கூலி நாலு ஆள், ப இருபத்திரண்டு என்று இருக்கிறது. பறையா, படியா?"

"கூலிக்கு யாராவது பறை கொடுப்பார்களா கண்ணு? படிதான். கூலிப் படி தலை தட்டாமல் கொடுப்பது."

"வித்து ஐந்து?"

"அது பறை. அந்த உதிரி ஆறில் எடுத்து வைத்ததுதான் அது."

கடைசிப் பதில் எங்களுக்குத் தேவையானது. விதை நெல் 5 பறையும் உதிரி 6 பறையும் தனித்தனி அல்ல, ஒன்றுக்குள் ஒன்று. எனவே விதை வரியை மொத்தத்தில் சேர்க்கவில்லை, குறிப்பாக மட்டும் வைத்தோம். கூலிப் படியை மொத்தத்தில் சேர்த்தோம். அது வயலில் விளைந்த நெல், 258க்குள் வரவில்லை.

பறையை எடைபோட்டது

பறைக்கு எத்தனை கிலோ என்பதில் புத்தக எண்ணை எடுக்கவில்லை. ஊருக்கு ஊர் பாத்திரம் மாறும், ஒரே ஊரில் தச்சருக்குத் தச்சர் மாறும். அந்த வீட்டுப் பறை இன்னும் அறையில் இருந்தது. பலா மரம், பித்தளைப் பட்டை. அன்று களத்தில் காய்ந்திருந்த நெல்லை நிரப்பி, கோலால் தலை தட்டி, மின்னணுத் தராசில் வைத்தோம். ஒவ்வொரு முறையும் 7.5க்கும் 7.7க்கும் இடையில் நின்றது. 7.6 என்று எடுத்தோம். குவித்து அளந்தபோது 8.4 வரை போனது. கோயிலுக்கு நிறைபறை வைக்கும்போது குவிப்பதும், வீட்டுக் கணக்குக்குத் தலை தட்டுவதும் அவர்கள் வழக்கம் என்பதால் 7.6 எனக் கொண்டது சரியே. குவித்த அளவை எடுத்திருந்தால் பத்தில் ஒரு பங்கு விளைச்சல் காற்றிலிருந்து வந்திருக்கும்.

ஈரத்தையும் குறித்தோம். கடன் வாங்கிய ஈரமானியில் 15 சதவீதம் காட்டியது. ஈரம் குறிக்காத எடை பாதி எடைதான். 17 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல்லை 15 சதவீதத்துக்குக் காயவைத்தால் 100 × 83 ÷ 85, அதாவது ஏறக்குறைய 97.6 கிலோ வரும். 2015இல் அவர் அளந்த நெல்லின் ஈரம் யாருக்கும் தெரியாது. அதனால் ஈரத் திருத்தம் எதுவும் செய்யவில்லை, மாற்று எண்ணின் பக்கத்தில் "15% ஈரத்தில் எடைபோட்ட பறை" என்று எழுதி நிறுத்திக்கொண்டோம்.

படியையும் அவ்வாறே எடைபோட்டபோது, தலை தட்டாமல் கொடுக்கும் அளவில் 0.95 கிலோ வந்தது. 1190 பக்கத்தின் பதிவு இப்படி அமைந்தது:

```
எழுதியபடி : மூ 31/  ப 6  ஆக ப 258
வாசித்தது : 31.5 மூட்டை + 6 பறை
மூட்டை    : 1 மூட்டை = 8 பறை (அதே பக்கக் கூட்டல்)
மாற்று    : 1 பறை = 7.6 கிலோ (வீட்டுப் பறை,
            தலை தட்டி, ஈரம் 15%)
விளைவு   : 258 × 7.6 = 1,960.8 கிலோ
கூலி      : 22 படி × 0.95 = 20.9 கிலோ
மொத்தம்  : 1,981.7 → 1,980 கிலோ (தோராயம்)
```

ஏக்கருக்கு 1,415 கிலோ. முந்தைய அட்டவணை சொன்னதில் பாதிக்கும் குறைவு.

1193: மூட்டை சுருங்கியது

2018 தைப் பக்கத்தில் எழுத்து மாறியிருந்தது. "மூ 38 சீட்டு. வீட்டுக்கு மூ 4." பறைக் கூட்டல் எதுவும் இல்லை. அரசுக் கொள்முதலுக்குப் போன நெல் என்பதால் இரண்டு காகிதங்கள் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன. எடைச் சீட்டில் 1,976 கிலோ, கொள்முதல் ரசீதில் 1,936 கிலோ. இடையில் 40 கிலோ. குவிண்டாலுக்கு இரண்டு கிலோ கழிவு போட்டிருக்கிறார்கள். கழிவைப் பற்றிய சண்டை வேறு கதை, இங்கே அதில் இறங்கவில்லை. விளைச்சலுக்கு எடைச் சீட்டு, வருமானத்துக்கு ரசீது என்று பிரித்துக்கொண்டோம்.

1,976ஐ 38 ஆல் வகுத்தால் 52. 1190இல் ஒரு மூட்டை 8 பறை, 60.8 கிலோ. இடைப்பட்ட காலத்தில் சாக்கு மாறிவிட்டது. பழைய சணல் சாக்கின் இடத்தில் பிளாஸ்டிக் சாக்கு வந்திருக்கிறது. நோட்டில் இரண்டுக்கும் ஒரே "மூ". 75 கிலோ என்ற எண் இரண்டுக்குமே பொருந்தவில்லை. எனவே மூட்டையின் மாற்று எண்ணுக்குத் தேதி சேர்த்தோம்: 1190இல் 60.8, 1193இல் 52.

வீட்டுக்கு வைத்த நான்கு மூட்டையும் அதே சாக்கு என்று பேத்தி சொன்னாள், இரண்டு சாக்குகள் இன்னும் இருந்தன. ஆக 42 மூட்டை × 52 = 2,184 கிலோ. ஏக்கருக்கு 1,560. ரசீதை மட்டும் வைத்து விளைச்சல் கணக்கிட்டிருந்தால் 1,383 என்று வந்திருக்கும். சீட்டுகள் மட்டுமே உள்ள மற்ற குடும்பங்களின் எண்களில் இந்த வீட்டுநெல் விட்டுப்போயிருக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது. அந்த வரிசைகளில் "விற்ற நெல் மட்டும்" என்று குறித்தோம்.

ஈரத்தைச் சொல்லி ஒருவர் கேட்டார்: கொள்முதலில் 17 சதவீதம்வரை ஏற்கிறார்கள், அப்படியானால் 1193இன் எடை ஈரத்தால் கூடியதாக இருக்கலாமே? நியாயமான கேள்வி. மோசமான நிலையாக முழுதும் 17 சதவீதம் என்று வைத்தால் 1,560 × 83 ÷ 85 = 1,523. அப்போதும் 1,415க்கு மேல்தான். வீழ்ச்சி என்று சொல்ல இடமில்லை.

தீராமல் நின்ற பக்கங்கள்

1191 மகரத்தில் "மூ 36" என்று மட்டும் இருந்தது. கூட்டலும் இல்லை, சீட்டும் இல்லை. பழைய சாக்கானால் 2,189 கிலோ, ஏக்கருக்கு 1,563. புதிய சாக்கானால் 1,872 கிலோ, ஏக்கருக்கு 1,337. இரண்டுமே அந்த வயலுக்கு நடக்கக்கூடியவை. பெரியவருக்கு எந்த வருடம் சாக்கு மாறியது என்பது நினைவில்லை, செலவுப் பக்கங்களிலும் சாக்கு வாங்கிய வரி கிடைக்கவில்லை. சராசரி எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். சராசரி என்பது இரண்டு சாக்கிலும் இல்லாத ஒரு மூட்டை. நான் சம்மதிக்கவில்லை. "36 மூட்டை, மூட்டையின் எடை தெரியவில்லை" என்று எழுதி, இரண்டு கிலோ எண்களையும் காரணத்துடன் கீழே போட்டோம்.

1192 பக்கத்தில் "தண்ணீர் இல்லை" என்ற வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. 2016இல் கேரளத்தில் மழை பொய்த்து, அந்த ஆண்டு அக்டோபரில் மாநிலம் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. முந்தைய அட்டவணையில் அந்தப் போகத்துக்குப் பூஜ்யம் போடப்பட்டிருந்தது. விதைத்து விளையாமல் போனால் பூஜ்யம். இங்கே நாற்றே விடவில்லை. எனவே விளைச்சல் கட்டத்தைக் காலியாக விட்டு, பயிரிட்ட பரப்பு என்ற கட்டத்தில்தான் 0 போட்டோம். ஏக்கர்வாரி சராசரியில் இந்தப் போகம் வராது, சாகுபடி இழந்த போகங்களின் எண்ணிக்கையில் வரும். மனுவுக்கு இரண்டாவதுதான் பயன்பட்டது.

பின்பு நடந்தது

புதிய அட்டவணையைக் கூட்டத்தில் வைத்தபோது வரவேற்பு குறைவாகவே இருந்தது. விளைச்சல் சரிந்துவிட்டது என்ற வரியை மனுவிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. கொள்முதல் சீட்டுகளை வைத்திருக்கும் அதிகாரி யாராவது 1193இன் எடையைச் சரிபார்த்திருந்தால் முழு மனுவும் அங்கேயே நின்றிருக்கும் என்று சொன்னபின் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பதிலாக அதே நோட்டிலிருந்து வேறொன்று கிடைத்தது. ஒவ்வொரு போகத்திலும் "தண்ணீர் வந்தது", "தண்ணீர் நின்றது" என்று தேதி எழுதியிருக்கிறார். தேதிக்கு அலகு மாற்றம் கிடையாது, கொல்லம் ஆண்டுத் தேதியை ஆங்கிலத் தேதியாக்கினால் போதும். கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாள் பிந்தியது என்ற கணக்கும், நடவே நடக்காத போகமும் மனுவின் நடுப்பகுதியாயின. மாணவர்தான் அந்தத் தேதி அட்டவணையைப் போட்டார். இம்முறை எழுதியபடி, வாசித்தது, மாற்றியது என்ற மூன்று பத்திகளும் அதில் இருந்தன.

இனி மாற்றுவது

முதல் வாசிப்பை எழுதியவர் உடனிருக்கும்போதே செய்வோம். கூலிப் படியும் விதைப் பறையும் ஒரு மாலை உரையாடலில் தீர்ந்தன. அவர் இல்லாமல் அவை 1191 போல நின்றிருக்கும். பக்கங்களைப் படமெடுப்பதையும் முதலிலேயே செய்ய வேண்டும். ஒட்டிய சீட்டுகளில் வெப்பத்தாளில் அச்சானவை மங்கத் தொடங்கிவிட்டன.

சமிதியில் மற்ற வீடுகளின் பறைகளையும் எடைபோடத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் தலை தட்டிய எடை, ஈரம், தேதி எழுதி ஒட்டுகிறோம். இதுவரை பார்த்ததில் எந்த இரண்டு பறைகளும் ஒத்துப்போகவில்லை.

பெரியவரின் நோட்டை இப்போது பேத்தி எழுதுகிறாள். ஒவ்வொரு போகத்திலும் முதல் மூட்டையைத் தராசில் வைத்து, அந்த எடையைப் பக்கத்தின் தலையில் குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். பறைக் கணக்கை விட்டுவிடப் பெரியவர் சம்மதிக்கவில்லை. அவர் சொல்லும் பறையை ஒரு பத்தியிலும் தராசின் கிலோவை அடுத்த பத்தியிலும் அவள் எழுதுகிறாள். "ப" என்ற ஒற்றை எழுத்து மட்டும் நோட்டிலிருந்து போய்விட்டது.